வருமான வரி நோட்டீஸுக்குப் பதில்: கதையாகச் சொல்வதா, சட்டத்தில் தொடங்குவதா, கேள்வி வரிசையில் போவதா?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் 2025 அக்டோபரில் என் மேஜைமேல் இரண்டு கட்டுகளை வைத்தார். ஒன்று விவரம் கேட்டு 142(1) பிரிவின்கீழ் வந்த வருமான வரி நோட்டீஸ், மூன்று பக்கம். இன்னொன்று அதற்கு அவரே எழுதியிருந்த பதில், பதினோரு பக்கம். எழுத்து முத்து முத்தாக இருந்தது. "படிச்சுப் பாருங்க தம்பி, ஒண்ணையும் மறைக்கல" என்றார். மறைக்கவில்லைதான். ஆனால் அதிகாரி கேட்டதற்கான விடை ஏழாம் பக்கத்தில், கல்யாண மண்டபம் கிடைக்காமல் அலைந்த கதைக்கு நடுவில் கிடந்தது.

அதிகாரி கேட்டது இவ்வளவுதான். 2023-24 நிதியாண்டில் உங்கள் சேமிப்புக் கணக்கில் 12,50,000 ரூபாய் ரொக்கமாகக் கட்டியிருக்கிறீர்கள். ரிட்டர்னில் காட்டிய வருமானமோ ஓய்வூதியமும் வட்டியுமாக 4,60,000 ரூபாய். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஒரே ஆளின் சேமிப்புக் கணக்குகளில் ஓர் ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வங்கியே வரித்துறைக்குச் சொல்லிவிடும். நம் பெயரில் வந்த தகவல்களை வரித்துறை தொகுத்துவைக்கும் ஏஐஎஸ் பட்டியலிலும் அது ஏறியிருக்கும். ஆகவே நோட்டீஸ் வந்ததில் மர்மம் ஏதும் இல்லை. (அவரை அடையாளம் தெரியாதபடி தொகைகளையும் தேதிகளையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

பதில் சரியாக அமையாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கம் திருப்தியாக இல்லை என்று அதிகாரி முடிவு செய்தால் 69ஏ பிரிவின்படி அந்தப் பணத்தை வருமானமாகவே கொள்ளலாம். அதற்கு வரி சாதாரண விகிதம் அல்ல. அந்த நிதியாண்டுக்கான 115பிபிஇ பிரிவின்படி 60 சதவீதம், அதன்மேல் 25 சதவீத சர்சார்ஜ், அதன்மேல் 4 சதவீத செஸ்; கூட்டிப் பார்த்தால் 78 சதவீதம். 12,50,000 ரூபாய்க்கு 9,75,000 ரூபாய் வரி. வட்டியும் அபராதமும் தனி.

அவர் கையில் மூன்று வகைப் பதில்கள் இருந்தன. ஒன்று அவர் எழுதியது. இன்னொன்று சட்டம் படித்த உறவுக்காரப் பையன் எழுதிக் கொடுத்தது. மூன்றாவதாக நான் வழக்கமாகப் போடும் கேள்வி-பதில் வடிவம். மூன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கதை வரிசை

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும் வழி. பொய் சொல்பவனுக்கு இது கஷ்டம், உண்மை சொல்பவனுக்கு இயல்பு. பிப்ரவரியில் வீட்டு வேலைக்குப் பணம் எடுத்தேன், கொத்தனார் பாதியில் போய்விட்டார், ஆடியில் மஞ்சள் விற்றேன், கார்த்திகையில் மகள் கல்யாணம் என்று போகும்போது படிப்பவருக்கு ஒரு குடும்பம் கண்ணில் தெரிகிறது. ஒரு தொகைக்கும் அடுத்த தொகைக்கும் உள்ள தொடர்பும் தானாக விளங்குகிறது.

சிக்கல் என்னவென்றால் கதை நினைவிலிருந்து வருகிறது, பணமோ பாஸ்புக்கில் இருக்கிறது. சார் எழுதிய கடிதத்தில் "ஜூன் மாதம் கட்டிய 3,00,000 ரூபாய் மஞ்சள் விற்ற காசு" என்று ஒரு வரி இருந்தது. மண்டிச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் மஞ்சள் விற்றது ஆகஸ்டில். விற்பதற்கு இரண்டு மாதம் முன்பே விற்ற காசை எப்படிக் கட்ட முடியும்? அவர் பொய் சொல்லவில்லை, குழம்பிவிட்டார். ஆனால் அந்த ஒரு வரி போயிருந்தால் மீதி எல்லா வரிகள்மேலும் சந்தேகம் விழுந்திருக்கும். எழுத்தில் ஒருமுறை சொன்னதை "ஞாபகப் பிசகு" என்று பின்னால் திருத்துவது பெரும்பாடு.

இன்னொரு சிக்கல், படிப்பவர் யார் என்பது. இப்போது முகமறியா மதிப்பீட்டு முறை. ஈரோட்டு மஞ்சளைப் பற்றி எழுதும் பதிலை எந்த ஊரில் இருக்கும் அதிகாரி படிப்பார் என்று நமக்குத் தெரியாது. அவர் முன்னால் நோட்டீஸின் கேள்விப் பட்டியல் இருக்கும். முதல் கேள்விக்குப் பதில் எங்கே என்று தேடுவார். பதினோரு பக்கத்தில் அவரையே பொறுக்கி எடுக்கச் சொன்னால், கிடைத்ததை எடுத்துக்கொண்டு கிடைக்காததை "விளக்கம் தரவில்லை" என்று எழுதிவிடுவார். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சட்டம் முதல் வரிசை

உறவுக்காரப் பையனின் பதில் வேறு மாதிரி. தொடக்கமே "இந்த நோட்டீஸ் சட்டப்படி செல்லாது". அப்புறம் பதினெட்டுத் தீர்ப்புகள். பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கடைசியில் ஒன்றரைப் பத்தி.

அந்தப் பதினெட்டில் நடுநாயகமாக நின்றது பாம்பே உயர் நீதிமன்றத்தின் பாய்சந்த் காந்தி தீர்ப்பு, ஐடிஆர் என்ற தீர்ப்புத் தொகுப்பில் 141 ஐடிஆர் 67. வங்கியின் பாஸ்புக், கணக்கு வைத்திருப்பவர் எழுதிவைத்த கணக்குப் புத்தகம் ஆகாது, ஆகவே பாஸ்புக்கில் மட்டும் உள்ள வரவை, கணக்குப் புத்தகத்தில் உள்ள வரவைப் பற்றிய 68ஆம் பிரிவின்கீழ் சேர்க்க முடியாது என்பது அதன் சாரம். நல்ல தீர்ப்பு. ஆனால் நமக்கு வந்த நோட்டீஸ் பேசுவது 69ஏ. கணக்குப் புத்தகம் "இருந்தால்" அதில் பதியப்படாத பணம் என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. புத்தகமே இல்லாதவருக்கும் அது பொருந்தும். கணக்குப் புத்தகம் வைக்காத ஓய்வூதியர், தான் புத்தகம் வைப்பதில்லை என்று சொல்லி 69ஏ-யிலிருந்து தப்ப முடியாது. நான் பார்த்த பல பதில்களில் இந்தத் தீர்ப்பு இப்படிப் பொருந்தாத இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பழைய பதிலை நகல் எடுப்பதால் வரும் வினை.

சட்டத்தை முதலில் வைப்பதன் உண்மையான கெடுதல் இதைவிட நுட்பமானது. உண்மைகளைச் சொல்லாமல் சட்டம் பேசினால், சொல்ல உண்மை இல்லாததால்தான் சட்டம் பேசுகிறார் என்று படிப்பவருக்குத் தோன்றும். 69ஏ வழக்கில் விளக்க வேண்டிய பொறுப்பு முதலில் நம்முடையது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றிய பிறகுதான் சட்டத்துக்குக் கைகால் முளைக்கிறது.

இந்த வரிசையே சரியாக இருக்கும் இடமும் உண்டு. இதே 12,50,000 ரூபாய்க்கு, 2020-21 மதிப்பீட்டாண்டைத் திறக்கப்போவதாக 2025 அக்டோபரில் 148ஏ நோட்டீஸ் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் முதல் உள்ள விதிப்படி, மதிப்பீட்டாண்டு முடிந்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், தப்பிய வருமானம் 50 லட்சமாவது இருக்கும் என்று காட்டும் தகவல் துறையின் கையில் இருந்தால்தான் அந்த நோட்டீஸ் கொடுக்க முடியும். அங்கே மஞ்சளையும் மொய்யையும் பற்றிப் பேசுவது இரண்டாம் பட்சம். காலவரம்பு முடிந்துவிட்டது, தொகையும் 50 லட்சத்தைத் தொடவில்லை என்பதுதான் முதல் பத்தி. வாசலிலேயே நிறுத்த முடிகிற வழக்கைக் கூடத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைப்பானேன்? ஆனால் நம்முடைய நோட்டீஸில் அப்படி எதுவும் இல்லை. ரிட்டர்ன் 2024 ஜூலையில் போட்டது, அதை ஆய்வுக்கு எடுத்ததாகச் சொல்லும் 143(2) நோட்டீஸ் 2025 ஜூன் 30க்குள் வந்துவிட்டது. காலவரம்பில் ஓட்டை கிடையாது.

கேள்வி வரிசை

நோட்டீஸில் உள்ள கேள்வியை அப்படியே எழுதி, அதன்கீழ் பதில், அதன்கீழ் இணைப்பு எண். அதிகாரியின் வேலை இதில் பாதியாகிறது. எந்தக் கேள்வியும் விட்டுப்போகாது. நாளைக்கு மேல்முறையீட்டுக்குப் போனாலும், மூன்றாம் கேள்விக்கு இன்ன பக்கத்தில் பதில் சொல்லியிருக்கிறோம் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

குறை ஒன்று உண்டு, சின்னக் குறையும் அல்ல. கேள்விகளை எழுதியவருக்கு நம் வாழ்க்கை தெரியாது. வருமான வழிகள் என்ன, எல்லா வங்கிக் கணக்கு விவரங்களும் தருக, ரொக்கத்தின் மூலம் என்ன, வேளாண் வருமானம் இருந்தால் நில ஆவணம் தருக என்று கேள்விகள் சிதறி வரும். அதே மஞ்சள் முதல் கேள்வியில் ஒரு வரி, மூன்றாம் கேள்வியில் ஒரு பத்தி, நான்காம் கேள்வியில் ஒரு பத்தி என்று துண்டாகிவிடும். 12,50,000 ரூபாயும் முழுதாகக் கணக்கில் வந்துவிட்டதா என்பது ஒரே பார்வையில் தெரியாது. அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவதோ அந்த ஒரு பார்வையைத்தான்.

ஆகவே நாங்கள் போட்டது கேள்வி வரிசைதான், ஆனால் அதன் முன்னால் ஒரே ஒரு பக்கம் சேர்த்து. அந்தப் பக்கத்தில் கதை இருக்கிறது, பாஸ்புக்கின் வாயால் சொன்ன கதை. சட்டம் கடைசி இரண்டு பக்கத்துக்குப் போனது.

முன்பக்கத்தின் நடுவில் இந்த அட்டவணை:

| கட்டிய தேதி | தொகை (ரூ.) | எங்கிருந்து | இணைப்பு |
|---|---|---|---|
| 14.06.2023 | 3,00,000 | 08.02.2023 அன்று இதே கணக்கில் எடுத்த 4,00,000-இல் மீதி | 1, 2 |
| 11.08.2023 | 1,60,000 | 10.08.2023 மஞ்சள் விற்பனை 1,68,000 | 3, 4 |
| 18.08.2023 | 1,60,000 | 17.08.2023 மஞ்சள் விற்பனை 1,65,000 | 3, 4 |
| 25.08.2023 | 1,50,000 | 24.08.2023 மஞ்சள் விற்பனை 1,61,000 | 3, 4 |
| 21.11.2023 | 4,80,000 | 19.11.2023 மகள் திருமண மொய் | 5, 6, 7 |
| மொத்தம் | 12,50,000 | | |

இதைப் போடும்போது ஒரு பழக்கம் உண்டு. இடது பக்கத் தேதிகளையும் தொகைகளையும் வங்கி ஸ்டேட்மெண்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், வாடிக்கையாளர் சொல்வதிலிருந்து எடுக்கக்கூடாது. அப்புறம் ஒவ்வொரு வரியிலும் பணம் வந்த தேதி கட்டிய தேதிக்கு முந்தியதா, வந்த தொகை கட்டிய தொகைக்குக் குறையாததா என்று இரண்டே கேள்விகள். சாரின் ஜூன் மாதக் குழப்பம் இந்த இடத்தில்தான் வெளியே வந்தது.

ஒவ்வொரு தொகையும் அதன் காகிதமும்

முதல் தொகையில் பலவீனம், எடுத்த நாளுக்கும் திரும்பக் கட்டிய நாளுக்கும் இடையில் இருந்த 126 நாள். எடுத்த பணம் அந்த நான்கு மாதத்தில் செலவாகியிருக்கும் என்று அதிகாரி சொல்லலாம். "வீட்டில் வைத்திருந்தேன்" என்பது பதில்தான், ஆனால் வெறும் வாய்ப்பேச்சு. சாரிடம் கொத்தனாரின் எஸ்டிமேட்டும், ஒரு லட்ச ரூபாய் முன்பணத்துக்கு அவர் கையெழுத்துப் போட்ட சீட்டும் இருந்தன. 4,00,000-இல் 1,00,000 எங்கே போனது என்பதற்கு அது போதும். மீதி 3,00,000 செலவாகவில்லை என்பதற்கு என்ன செய்வது? ஸ்டேட்மெண்டை மறுபடி புரட்டினோம். பிப்ரவரி முதல் ஜூன் வரை மாதாமாதம் ஏடிஎம்மில் பத்து, பன்னிரண்டாயிரம் எடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். வீட்டுச் செலவு அந்தப் பணத்தில் ஓடியிருக்கிறது. கையில் இருந்த 3,00,000-ஐ உடைத்துச் சாப்பிட்டிருந்தால் ஏடிஎம்முக்குப் போக வேண்டிய தேவையில்லை. அந்த வரிகளை மஞ்சள் மையால் குறித்து இணைப்பு 2 ஆக்கினோம். செலவழிக்கவில்லை என்பதை நேராக நிரூபிக்க முடியாது. வேறு பணத்தில் செலவழித்தேன் என்பதைக் காட்டலாம்.

மஞ்சளில் பலரும் விழும் பள்ளம் அடங்கல், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கல் கேட்டால் நடப்புப் பசலிக்குக் கொடுத்துவிடுவார். நமக்குத் தேவை அது அல்ல. 2023 ஆகஸ்டில் விற்ற மஞ்சள் 2022 வைகாசி, ஆனியில் நட்டது. 2023 மாசியில் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு, விலைக்காகக் காத்திருந்தது. ஆகவே வேண்டியது 2022 ஜூலை முதல் 2023 ஜூன் வரையிலான 1432ஆம் பசலியின் அடங்கல். 2025இல் வாங்கிய அடங்கலில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேராக வாழை என்று இருந்தால், நாமே நம் வழக்கைக் கெடுத்துக்கொண்டோம் என்று பொருள்.

இந்தச் சாகுபடிக் கணக்கு இன்னொரு கேள்வியையும் அடைக்கிறது. விற்ற 4,94,000-இல் 4,70,000 கட்டிவிட்டீர்களே, அப்படியானால் சாகுபடிச் செலவுக்கு எங்கிருந்து பணம் வந்தது என்று அதிகாரி கேட்பார். விதை, ஆள்கூலி, வேகவைத்த செலவு எல்லாம் முந்தைய நிதியாண்டில் முடிந்துவிட்டன. அதற்கான பணம் அந்த ஆண்டின் ஸ்டேட்மெண்டில் எடுத்திருப்பது தெரிகிறது. இதை அவர் கேட்பதற்கு முன்பே ஒரு பத்தியில் சொல்லிவிட்டோம். இரண்டு ஏக்கரில் 45 குவிண்டால், மூன்று நாளில் 16, 15, 14 குவிண்டால், விலை 10,500, 11,000, 11,500. ஒவ்வொன்றும் தனி விற்பனை, தனிச் சீட்டு, ஒன்றும் 2 லட்சத்தைத் தொடவில்லை. இது முக்கியம். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கியிருந்தால், மூலத்தை விளக்கும்போதே 269எஸ்டி பிரிவை மீறியதற்கு வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும். அதற்கு அபராதம் வாங்கிய அளவு தொகை. ஒரு கேள்விக்குச் சொல்லும் பதில் இன்னொரு பிரிவில் போய் மாட்டவைக்கிறதா என்று பார்க்காமல் எதையும் அனுப்பக்கூடாது. "நண்பரிடம் கைமாற்றாக 3 லட்சம் ரொக்கம் வாங்கினேன்" என்று சிலர் சுலபமாக எழுதுவார்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கக் கடன் வாங்குவதை 269எஸ்எஸ் தடுக்கிறது, அதற்கும் வாங்கிய அளவு அபராதம்.

ஒரு தவறை ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருந்தது. சார் போட்டது ஐடிஆர்-1 என்ற ரிட்டர்ன் படிவம். அதில் வேளாண் வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் காட்ட முடியாது. அவர் காட்டவே இல்லை. வரி இல்லாத வருமானம்தானே என்று விட்டுவிட்டார். அவர் போட்டிருக்க வேண்டியது ஐடிஆர்-2. இதை நாமே சொல்வதா, கேட்டால் சொல்வதா என்று யோசித்தோம். சொல்லாமல் விட்டால், ரிட்டர்னில் இல்லாத மஞ்சள் நோட்டீஸ் வந்த பிறகு முளைத்தது என்று எழுதப்படும். ஆகவே நாங்களே சொல்லி, கணக்கும் போட்டுக் காட்டினோம். செலவு போக வேளாண் வருமானம் 3,00,000 என்று கொண்டு, அந்த ஆண்டின் புதிய வரிமுறைப்படி வரி விகிதத்துக்காக மட்டும் அதைச் சேர்த்தால் வரி 16,000 வருகிறது. வேளாண்மை நீங்கலான மொத்த வருமானம் அந்த ஆண்டுக்கான 7 லட்ச வரம்புக்குள் இருப்பதால் 87ஏ தள்ளுபடியில் அது முழுதும் கழிந்துவிடுகிறது. அதாவது காட்டாமல் விட்டதால் அவருக்கு ஒரு பைசா லாபமில்லை. லாபமில்லாத மறதியை ஏமாற்று என்று சொல்வது கடினம்.

மொய்

இதுதான் இந்த வழக்கின் கடினமான இடம், சட்டமும் உண்மையும் கைகோக்க வேண்டிய இடமும்.

கல்யாணத்தில் வந்த பணத்துக்கு வரி கிடையாது என்று ஊரே நம்புகிறது. சட்டம் சொல்வது அப்படியல்ல. யாருக்குத் திருமணமோ அவருக்கு வரும் அன்பளிப்புக்குத்தான் விலக்கு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் உண்டு, பெண்ணின் அப்பாவுக்கு இல்லை. அப்பாவின் பணம் என்று ஆகிவிட்டால், சட்டம் சொல்லும் உறவினர் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்கள் கொடுத்தது மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் அது முழுதும் அவருடைய வருமானம். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மனைவியின் உடன்பிறந்தோர், சித்தப்பா, மாமா, அத்தை எல்லாம் பட்டியலுக்குள் வருவார்கள். பங்காளி, சக ஆசிரியர், பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரமாட்டார்கள்.

மொய் நோட்டில் மொத்தம் 5,12,000. பெயர் பெயராகப் பிரித்ததில் உறவினர்கள் 3,10,000, மற்றவர்கள் 2,02,000. மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் பாக்கி கொடுத்தது போக 4,80,000 வங்கிக்குப் போனது. சாரின் பெட்டியில் இருந்த மிக நல்ல காகிதத்தை அவரே முக்கியமாக நினைக்கவில்லை. 2024 ஜனவரி 12 அன்று அந்த 4,80,000-ஐ அப்படியே மகளின் கணக்குக்கு மாற்றியிருக்கிறார். நோட்டீஸ் வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு! "அது அவ பணங்க தம்பி, நான் எதுக்கு வச்சுக்கணும்" என்றார்.

69ஏ என்ன சொல்கிறது? ஒருவர் பணத்தின் "உரிமையாளர்" என்று தெரியவந்தால். நம் சட்ட வாதத்தின் முதல் வரி இங்கேதான் பிறந்தது: இந்த 4,80,000-க்கு அவர் உரிமையாளரே அல்ல, இரண்டு மாதம் கையில் வைத்திருந்தவர். இந்த வாதத்துக்குப் பதினெட்டுத் தீர்ப்பு வேண்டாம், ஒரு வங்கி வரி போதும். ஆனால் அந்த வங்கி வரியை முன்னால் சொல்லாமல் வாதத்தை மட்டும் சொன்னால் எடுபடாது. உண்மை, அதன் காகிதம், அப்புறம் சட்டம் என்ற வரிசைக்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

அடுத்த முடிவு, மாற்று வேண்டுகோள் சேர்ப்பதா வேண்டாமா. பணம் மகளுடையது அல்ல, அப்பாவுடையதே என்று அதிகாரி நினைத்தாலும், கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருப்பதால் மூலம் தெரியாத பணம் ஆகாது. உறவினர் அல்லாதோர் கொடுத்த 2,02,000 மட்டும் பிற வருமானமாகச் சாதாரண விகிதத்தில் வரிக்கு உரியது என்று சொல்லலாம். அந்தக் கணக்குப்படி வரி, தள்ளுபடி போக, செஸ்ஸோடு 14,872 ரூபாய். 69ஏ-யில் போனால் 4,80,000-க்கு 3,74,400. இப்படி ஒரு பாதையைத் திறந்துவைத்தால் அதிகாரி அதையே பிடித்துக்கொள்வார் என்ற பயமும் நியாயமானதுதான். ஆனால் இரண்டு தொகைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தபின் சேர்ப்பதே சரி என்று பட்டது. "முதல் விளக்கத்துக்குப் பாதகமில்லாமல்" என்ற தொடரோடு தனிப் பத்தியாக, கடைசியில் வைத்தோம். மஞ்சளுக்கு மாற்று வேண்டுகோள் எழுதவில்லை. காகிதம் கெட்டியாக இருக்கும் இடத்தில் "இல்லாவிட்டால்" என்று தொடங்குவது நம் கையை நாமே தளர்த்துவது.

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் பக்கத்தில் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்றுதான் பேசுவோம். அந்தப் பேச்சைப் பதிலில் எழுதிவிடாதீர்கள். கடன் என்ற சொல் வந்தால் 269எஸ்எஸ் வந்து எட்டிப் பார்க்கும். மொய் என்பது என்ன, நோட்டில் ஏன் பெயர் எழுதுகிறோம் என்று வெளியூர் அதிகாரிக்கு மூன்று வரியில் விளக்கம் எழுதினோம். மொய் நோட்டும் அடங்கலும் தமிழில் இருந்ததால் தேவையான பக்கங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்தோம்.

சட்டப் பகுதி எவ்வளவு?

ஒன்றரைப் பக்கம். உரிமையாளர் என்ற சொல். விளக்கமும் ஆதாரமும் கொடுத்தபின் அதை மறுக்கும் பொருள் துறையிடம் இருக்க வேண்டும் என்பது. அப்புறம் ஒரே ஒரு தீர்ப்பு, நூர்ஜஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 237 ஐடிஆர் 570. விளக்கம் திருப்தி தராவிட்டாலும் வருமானமாகக் கொள்ள"லாம்" என்றுதான் சட்டம் சொல்கிறது, கொண்டே தீர வேண்டும் என்றில்லை. வழக்கின் சூழலைப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அது 69ஆம் பிரிவைப் பற்றியது, ஆனால் 69ஏ-யிலும் அதே "லாம்" இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதினோம். கூடவே, பாதகமாக முடிவெடுக்கும் எண்ணம் இருந்தால் அதற்குமுன் காரணம் கேட்கும் நோட்டீஸும் வீடியோ விசாரணையும் வேண்டும் என்ற கோரிக்கை. முகமறியா முறைக்கான 144பி பிரிவில் இரண்டுக்கும் இடமுண்டு, விசாரணையை மட்டும் நாமே கேட்க வேண்டும்.

ஆவணங்களில் கொஞ்சத்தை மேல்முறையீட்டுக்கு எடுத்துவைக்கலாமா என்று உறவுக்காரப் பையன் கேட்டான். கூடாது. மதிப்பீட்டில் காட்டாத ஆதாரத்தை மேல்முறையீட்டில் கொடுக்க 46ஏ விதி கதவைப் பாதிதான் திறந்துவைத்திருக்கிறது; தக்க காரணத்தால் அப்போது கொடுக்க முடியவில்லை என்பதுபோல ஏதாவது காட்ட வேண்டியிருக்கும். பெட்டியிலேயே இருந்த காகிதத்துக்கு என்ன காரணம் சொல்வது? அதற்காக எல்லாவற்றையும் கொட்டுவதும் தப்பு. சார் கல்யாண ஆல்பத்தையே கொண்டுவந்திருந்தார். பத்திரிகையும் மண்டப ரசீதும் போதும் என்று ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போர்ட்டலில் e-Proceedings பக்கத்தில் Partial Response, Full Response என்று இரண்டு வழி கேட்கும். பத்துக்கு மேல் இணைப்புகள் இருந்தாலோ இன்னும் காகிதம் வர வேண்டியிருந்தாலோ முதலாவதைத்தான் தேர வேண்டும். 1432ஆம் பசலி அடங்கல் வர ஒரு வாரம் ஆனதால் நாங்கள் அட்டவணையையும் மற்ற ஆறு இணைப்புகளையும் Partial ஆக முதலில் போட்டு, அடங்கல் வந்தபின் Full ஆக முடித்தோம். அடங்கல் பின்னால் வரும் என்று முதல் பதிலிலேயே எழுதியிருந்தோம்.

டிசம்பரில் ஒரு கேள்வி திரும்பி வந்தது. மஞ்சளைப் பற்றி இல்லை, 126 நாளைப் பற்றியும் இல்லை. மகளின் பான் எண், அந்த 4,80,000 மகளின் கணக்கில் வந்ததைக் காட்டும் அவருடைய ஸ்டேட்மெண்ட், இரண்டு மட்டும். சார் மகளுக்குப் போன் போட்டார். அன்று மாலையே இரண்டும் வாட்ஸ்அப்பில் வந்தன, மறுநாள் ஏற்றிவிட்டோம்.